விளிம்பில் ஒட்டாத காந்தப்புலம்: J = kr கணக்கில் பிழையைத் தேடுவது

ஒரு நீளமான உருளைக் கடத்தி. மின்னோட்டம் அச்சுக்கு இணையாகப் பாய்கிறது. ஆனால் குறுக்குவெட்டு முழுவதும் அது ஒரே சீராக இல்லை. அச்சில் மின்னோட்ட அடர்த்தி சுழி. அச்சை விட்டு விலக விலக அது தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது: J = kr. கடத்திக்கு உள்ளேயும் வெளியேயும் காந்தப்புலம் என்ன என்பதுதான் கேள்வி.

சீரான மின்னோட்டத்துக்கான கணக்கை எளிதாகப் போட்டுவிடுகிறவர்கள்கூட இதில் தடுக்கி விழுகிறார்கள். பல ஆண்டுகளாக மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தியதில் நான் கண்டது இது: தவறுகள் சில வகைதான். ஒவ்வொரு வகையும் விடையில் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது. அதனால் உங்கள் விடையில் என்ன கோளாறு தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகலாம்.

எல்லா இடத்திலும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். கடத்தியின் ஆரம் R = 4 மி.மீ., மொத்த மின்னோட்டம் I = 40 ஆம்பியர்.

## முதலில், ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடை

குறுக்குவெட்டை மெல்லிய வளையங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து s தூரத்தில் ds தடிமன் உள்ள ஒரு வளையத்தின் பரப்பு 2πs ds. அந்த வளையம் முழுக்க அடர்த்தி ஒரே மதிப்புதான்: ks. ஆகவே அதில் பாயும் மின்னோட்டம் 2πks² ds. இதை 0-விலிருந்து r வரை கூட்டினால் r ஆரமுள்ள வட்டத்துக்குள் அடங்கும் மின்னோட்டம் கிடைக்கும்.

```
I(r) = 2πk r³ / 3
```

இனி ஆம்பியரின் சுற்று விதி. உருளைச் சமச்சீரின் காரணமாகப் புலம் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில்தான் இருக்கும். வட்டம் முழுவதும் அதன் அளவும் ஒன்றே. எனவே இடப்பக்கம் B × 2πr, வலப்பக்கம் μ₀ × உள்ளே அடங்கும் மின்னோட்டம். வெளியே போனால் r எவ்வளவு பெரிதானாலும் அடங்கும் மின்னோட்டம் R வரை உள்ளதுதான்.

```
r < R :  B = μ₀ k r² / 3   = μ₀ I r² / (2π R³)
r > R :  B = μ₀ k R³ / (3r) = μ₀ I / (2π r)
I = 2π k R³ / 3
```

இப்போது எண்கள். μ₀/2π என்பதை 2 × 10⁻⁷ என்றே எடுத்துக்கொள்ளலாம். (2019 மே 20 முதல் μ₀ வரையறுத்த மதிப்பு அல்ல, அளந்து பெறும் மதிப்பு. ஆனால் வித்தியாசம் நம் கணக்கை எட்டாத அளவுக்குச் சிறியது.) விளிம்பில் புலம் 2 மில்லிடெஸ்லா. பாதி ஆரத்தில், அதாவது 2 மி.மீ.யில், 0.5 மில்லிடெஸ்லா. வெளியே 8 மி.மீ.யில் 1 மில்லிடெஸ்லா.

இன்னொன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பல இடத்தில் உதவும். கடத்தியை 1 மி.மீ. தடிமன் உள்ள நான்கு வளையங்களாகப் பிரித்தால், உள்ளிருந்து வெளியே வரிசையாக அவற்றில் பாய்வது 0.625, 4.375, 11.875, 23.125 ஆம்பியர். அடங்கும் மின்னோட்டம் r³ போலக் கூடுவதால் பங்குகள் 1, 7, 19, 37 என்ற விகிதத்தில் வருகின்றன. வெளியோரத்து 1 மி.மீ. மட்டுமே பாதிக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைச் சுமக்கிறது. நடுவில் உள்ள 2 மி.மீ. ஆர வட்டத்துக்குள் மொத்தமே 5 ஆம்பியர். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் தவறுகளில் பாதி, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

## கோளாறு: உள் விடையும் வெளி விடையும் விளிம்பில் ஒட்டவில்லை

இதுதான் அடிக்கடி வருவது. ஒரு மாணவி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "சார், வெளியே சரியா வருது. உள்ளே மட்டும் ஒன்றரை மடங்கு வருது. ரெண்டு மணி நேரமாப் பார்க்கிறேன், எங்கே தப்புன்னு தெரியலை."

நோட்டை வாங்காமலே, "மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க J-யை πr²-ஆல் பெருக்கினீங்களாம்மா?" என்று கேட்டேன். அதைத்தான் செய்திருந்தார்.

ஒன்றரை மடங்கு என்ற அந்த எண்தான் தடயம். அவர் எழுதியிருந்த வரி இது:

```
I(r) = J × A = kr × πr² = πk r³
```

சரியான விடையில் 2π/3 இருக்கும் இடத்தில் இங்கே π இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3/2. நம் எடுத்துக்காட்டில் உள் விடை விளிம்பில் 3 மில்லிடெஸ்லா என்று சொல்லும். மொத்த மின்னோட்டத்திலிருந்து எழுதிய வெளி விடை 2 மில்லிடெஸ்லா என்று சொல்லும். மின்னோட்டம் கடத்தியின் பருமன் முழுவதும் பரவியிருக்கும்போது காந்தப்புலம் விளிம்பில் இப்படித் தாவ வழியே இல்லை. மேற்பரப்பில் மட்டும் ஒரு மெல்லிய தகடாக மின்னோட்டம் ஓடினால்தான் தாவல் வரும். ஆக, இங்கே தாவல் தெரிந்தால் இரண்டு விடைகளில் ஒன்று தவறு.

J × A என்பது ஏன் கூடாது? kr என்பது வட்டத்தின் விளிம்பில் மட்டும் உள்ள அடர்த்தி. அதை வட்டத்தின் முழுப் பரப்பால் பெருக்கும்போது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் அதே அடர்த்தி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் உள்ளே அடர்த்தி குறைவு, அச்சில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் விடை எப்போதும் கூடுதலாகவே வருகிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் r என்ற ஒரே எழுத்து இரண்டு வேலை செய்வதிலிருந்து பிறக்கிறது. புலத்தை எங்கே கேட்கிறோமோ அந்த இடத்துக்கும் r, வளையம் இருக்கும் இடத்துக்கும் r. அப்படி எழுதினால் kr-ஐத் தொகையிடலுக்கு வெளியே இழுத்துவிட வேண்டும் போலவே தோன்றும். வளையத்துக்கு s என்று தனி எழுத்து கொடுத்துவிடுங்கள். நான் வகுப்பில் இதை வற்புறுத்துவது அழகுக்காக இல்லை. s உள்ளே 0-விலிருந்து r வரை நகர்கிறது, r நகராமல் நிற்கிறது. இது கண்ணுக்குத் தெரிந்தால் ks வெளியே வராது.

அடர்த்தி வேறு படியில் இருந்தால் இந்தக் காரணியும் மாறும். J = ks² என்று இருந்திருந்தால் இதே தவறு சரியாக 2 மடங்கு காட்டும்; பொதுவாக J = ksⁿ என்றால் (n+2)/2 மடங்கு. n = 0 என்றால் 1 மடங்கு, அதாவது தவறே தெரியாது. சீரான மின்னோட்டக் கணக்கில் பழகிய கை இங்கே வந்து ஏன் தடுக்கி விழுகிறது என்பதற்கு இதுவே காரணம். அங்கே J × A சரியாகவே வேலை செய்தது.

இதே தவறுக்கு ஒளிந்துகொள்ளும் வழிகள் இரண்டு உண்டு. அவற்றைக் கவனிக்காமல் விட்டால் விளிம்புச் சோதனையை நம்பி ஏமாந்துபோவீர்கள்.

முதலாவது, கணக்கில் I கொடுக்காமல் k மட்டும் கொடுத்திருக்கும்போது. உள்ளே πkr³, மொத்தத்துக்கு πkR³ என்று இரண்டு இடத்திலும் ஒரே தவறைச் செய்தால் உள் விடையும் வெளி விடையும் விளிம்பில் அழகாக ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே ஒன்றரை மடங்கு.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. I மட்டும் கொடுத்து, k-ஐ நீங்களே கண்டுபிடித்து உள்ளே போடுகிறீர்கள் என்று வையுங்கள். I = πkR³ என்று தவறாக எழுதினால் k = I/(πR³). அதை உள் விடையான μ₀kr²/2-இல் போட்டால் வருவது μ₀Ir²/(2πR³). சரியான விடை! அடங்கும் மின்னோட்டமும் மொத்த மின்னோட்டமும் ஒரே காரணியால் தவறியதால், விகிதத்தில் அது அடிபட்டுப் போய்விட்டது. புலம் கேட்ட கேள்விக்கு முழு மதிப்பெண்கூடக் கிடைத்துவிடும். அடுத்த கேள்வியில் "புறப்பரப்பில் மின்னோட்ட அடர்த்தி எவ்வளவு" என்று கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். சரியான மதிப்பு ஒரு சதுர மி.மீ.க்கு 1.19 ஆம்பியர். தவறான k தருவது 0.80. இது குறுக்குவெட்டின் சராசரி அடர்த்தி. அச்சில் சுழியில் தொடங்கி வெளியே கூடிக்கொண்டே போகும் ஒன்று, விளிம்பில் தன் சராசரிக்குச் சமமாக எப்படி இருக்க முடியும்?

## கோளாறு: எல்லாம் ஒட்டுகிறது, ஆனால் உள்ளே புலம் நேர்கோடாக ஏறுகிறது

விளிம்பில் 2 மில்லிடெஸ்லா, வெளியே 1/r, அச்சில் சுழி. பார்க்கக் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் 2 மி.மீ.யில் உங்கள் விடை 1 மில்லிடெஸ்லா. வர வேண்டியது 0.5.

அடங்கும் மின்னோட்டத்துக்கு I × r²/R² என்று எழுதியிருப்பீர்கள். பரப்புகளின் விகிதத்தில் மின்னோட்டத்தைப் பங்குபோட்டிருக்கிறீர்கள். பாதி ஆரத்துக்குள் கால்பங்குப் பரப்பு இருக்கிறது, அதனால் கால்பங்கு மின்னோட்டம், 10 ஆம்பியர் என்று. ஆனால் அந்தக் கால்பங்குப் பரப்பில் மின்னோட்டம் மெலிந்து கிடக்கிறது. எட்டில் ஒரு பங்குதான், 5 ஆம்பியர். சீரான கம்பியின் சூத்திரத்தை மனப்பாடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு இது.

இங்கே விளிம்புச் சோதனை கைகொடுக்காது. r²/R² ஆனாலும் r³/R³ ஆனாலும், ஏன் r⁵/R⁵ ஆனாலும், r = R என்று போட்டால் 1 தான். அலகுச் சோதனையும் கைகொடுக்காது, விகிதத்துக்கு அலகு கிடையாது. அதனால் இன்னும் கூர்மையான சோதனை ஒன்று தேவை. விடையிலிருந்து அடர்த்தியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

r ஆர வட்டத்துக்கும் அதைவிடச் சற்றே பெரிய வட்டத்துக்கும் சுற்று விதியைத் தனித்தனியே எழுதிக் கழித்தால், மிஞ்சுவது இடையிலுள்ள வளையத்தின் மின்னோட்டம் மட்டும். வகைக்கெழுவாக எழுதினால் இப்படி:

```
(1/r) × d(rB)/dr = μ₀ J
```

உங்கள் B-ஐ இடப்பக்கம் போடுங்கள். B = μ₀kr²/3 என்றால் rB = μ₀kr³/3, வகையிட்டால் μ₀kr², r-ஆல் வகுத்தால் μ₀kr. கொடுத்த அடர்த்தியே திரும்ப வந்துவிட்டது. நேர்கோட்டு விடையைப் போட்டால் r இல்லாத ஒரு மாறிலி வரும். அதாவது, நீங்கள் தீர்த்தது வேறொரு கம்பியின் கணக்கு. முன்பு சொன்ன, இரண்டு பக்கமும் ஒன்றரை மடங்காகி ஒளிந்துகொண்ட விடையும் இந்தச் சோதனையில் தப்பாது. அது μ₀ × (3/2)kr என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வகையிடல் வேண்டாம், எண்ணிலேயே பார்க்க வேண்டும் என்றால் அதுவும் முடியும். r ஆர வட்டத்துக்குள் அடங்கும் மின்னோட்டம் rB-ஐ 2 × 10⁻⁷-ஆல் வகுத்தால் வருவது. சரியான விடையில் 2 மி.மீ.யில் 0.5 மில்லிடெஸ்லா, 3 மி.மீ.யில் 1.125 மில்லிடெஸ்லா. அடங்கும் மின்னோட்டங்கள் 5-உம் 16.875-உம். வித்தியாசம் 11.875 ஆம்பியர், மேலே குறித்துவைத்த மூன்றாவது வளையத்தின் மின்னோட்டம் அதுவேதான். நேர்கோட்டு விடையில் இதையே செய்தால் நான்கு வளையங்களுக்கும் 2.5, 7.5, 12.5, 17.5 என்று வரும். வளையங்களின் பரப்புகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருப்பவை. அந்த விகிதத்திலேயே மின்னோட்டமும் பிரிந்திருக்கிறது என்றால் அடர்த்தி எங்கும் ஒன்றே என்று பொருள்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் தேர்வில் நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். அரை நிமிட வேலை.

## கோளாறு: அலகு இடிக்கிறது

J = kr என்பதில் k-யின் அலகு ஆம்பியர்/மீ³. இதை எழுதிவைக்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது. J-யின் அலகையே k-க்கும் போட்டுவிட்டால் கடைசிவரை எதுவும் பொருந்தாது. μ₀kr² என்பது டெஸ்லாவில் வரும். அதில் r-இன் படி ஒன்று குறைந்தாலோ கூடினாலோ எங்கோ வடிவியல் தவறியிருக்கிறது.

உங்கள் விடையில் μ₀k-உடன் r ஒரே ஒரு படி மட்டும் இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வளையத்தின் பரப்புக்கு 2πs ds என்பதற்குப் பதிலாக வெறும் ds எழுதியிருக்கலாம். அப்படியானால் ks-ஐத் தொகையிட்டு kr²/2 கிடைத்திருக்கும். அதன் அலகு ஆம்பியர் அல்ல, ஆம்பியர்/மீ. வளையத்தைக் கத்தரித்து நீட்டினால் 2πs நீளமும் ds அகலமும் உள்ள ஒரு பட்டை. அதன் நீளத்தை மறந்துவிட்டீர்கள்.

இன்னொன்று, தொகையிடல் சரியாக இருந்தும் சுற்று விதியின் இடப்பக்கத்தில் சுற்றளவுக்குப் பதிலாகப் பரப்பை, அதாவது B × πr² என்று எழுதியிருக்கலாம். சுற்று விதியில் இடப்பக்கம் ஒரு பாதையின் வழியே நடப்பது, வலப்பக்கம் அந்தப் பாதை அடைக்கும் பரப்பைத் துளைத்துப் போவது. நீளம் இடப்பக்கம், பரப்பு வலப்பக்கம். இரண்டு தவறுகளும் புலத்தை நேர்கோடாக்கும், ஆனால் முந்தைய கோளாறு போல அலகுச் சோதனையில் தப்பாது. ஆகவே நேர்கோடு வந்தால் முதலில் அலகைப் பாருங்கள்: அலகு சரியென்றால் பரப்பு விகிதம், அலகு தவறென்றால் இந்த இரண்டில் ஒன்று.

## கோளாறு: அச்சில் புலம் முடிவிலி, அல்லது வெளியே கூடிக்கொண்டே போகிறது

இரண்டுமே தொகையிடலின் மேல் எல்லை மாறிப்போனதால் வருபவை. உள்ளே இருக்கும் புள்ளிக்கு R வரை கூட்டிவிட்டால் முழு 40 ஆம்பியரும் அச்சை ஒட்டியே ஓடுவது போலாகி, உள்ளேயும் 1/r வரும். வெளியே இருக்கும் புள்ளிக்கு r வரை கூட்டிவிட்டால், காற்றிலும் மின்னோட்டம் ஓடுவது போலாகி r² வரும். கடத்தி முடிந்த இடத்தில் J-யும் முடிகிறது. எல்லை எப்போதும் r, R இரண்டில் சிறியது.

## கோளாறு: வடிவம் சரி, எண் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு

உள்ளே r², வெளியே 1/r, விளிம்பில் தாவல் இல்லை. ஆனால் விளிம்பில் 2 வர வேண்டிய இடத்தில் 1.33 மில்லிடெஸ்லா வருகிறது.

இது கணக்கை J = J₀ r/R என்ற வடிவில் கொடுக்கும்போது வரும். இங்கே J₀ என்பது புறப்பரப்பில் உள்ள அடர்த்தி. I-யிலிருந்து J₀ வேண்டும் என்றதும் கை தானாக I/(πR²) என்று எழுதிவிடுகிறது. அது சராசரி அடர்த்தி. J₀ சராசரியைப் போல ஒன்றரை மடங்கு: 3I/(2πR²). சராசரியையே J₀-வாக வைத்துக்கொண்டு, பிறகு தொகையிடலைச் சரியாகச் செய்தால் எல்லாம் மூன்றில் இரண்டாகச் சுருங்கும்.

பிடிப்பது எளிது. வெளியே ஏதாவது ஒரு இடத்தில் உங்கள் புலத்திலிருந்து மின்னோட்டத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். 8 மி.மீ.யில் 0.667 மில்லிடெஸ்லா என்றால் அது 26.7 ஆம்பியர் ஓடும் கம்பி. கொடுத்தது 40.

## கோளாறு போலத் தோன்றுவது: வரைபடத்தில் விளிம்பில் கூர்முனை

B-ஐ வரைந்தால் விளிம்புவரை மேல்நோக்கி வளைந்து ஏறி, அங்கே ஒரு கூரிய முனையாகி, உடனே 1/r ஆக இறங்குகிறது. வரைபடம் வழவழப்பாக இல்லையே, எங்கோ தப்பு என்று அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள், அது சரி.

தாவக் கூடாதது B. அதன் சாய்வு தாவலாம். விளிம்புக்குச் சற்று உள்ளே சாய்வு 2B/R, ஒரு மீட்டருக்கு 1 டெஸ்லா. சற்று வெளியே −B/R, அதாவது −0.5. வித்தியாசம் 1.5. இது μ₀ × புறப்பரப்பின் அடர்த்திக்குச் சமமாக இருக்க வேண்டும், 1.19 × 10⁶ ஆம்பியர்/மீ²-ஐ μ₀-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.5 தான். உள்ளே விளிம்புவரை இருந்த மின்னோட்டம் வெளியே சட்டென்று இல்லாமல் போவதைத்தான் அந்த முனை காட்டுகிறது. சீரான கம்பியிலும் முனை உண்டு, ஆனால் அங்கே அடர்த்தி 0.80 தான் என்பதால் கூர்மை குறைவு.

## கோளாறு: கணக்கு சரி, ஆய்வகத்தில் அளந்தால் ஒத்துவரவில்லை

முதலில், எந்தக் கம்பியை அளக்கிறீர்கள்? சாதாரணச் செப்புக் கம்பியில் நேர்மின்னோட்டம் ஓடினால் அடர்த்தி kr ஆக இருக்காது, சீராகத்தான் இருக்கும். நிலையான ஓட்டத்தில் கம்பியின் நீளவாட்டில் மின்புலம் குறுக்குவெட்டு முழுவதும் ஒன்றே. ஆகவே J அச்சிலிருந்து கூடிக்கொண்டே போக வேண்டும் என்றால் பொருளின் கடத்துதிறனே அப்படிக் கூட வேண்டும். மாறுமின்னோட்டத்தில் ஓட்டம் வெளியோரத்துக்கு ஒதுங்கும் என்பது உண்மை. ஆனால் 50 ஹெர்ட்ஸில் செம்பில் அது புகும் ஆழம் ஏறத்தாழ 9 மி.மீ.; 4 மி.மீ. ஆரக் கம்பி அதை உணர்வதே அரிது. 10 கிலோஹெர்ட்ஸில் ஆழம் 0.7 மி.மீ.க்கும் குறைந்து ஓட்டம் நன்றாக ஒதுங்கும், ஆனால் அப்போதும் அது kr என்ற நேர்கோட்டில் கூடாது. ஆழத்துக்கு ஆழம் கட்டமும் மாறும்.

வெளியே அளந்து உள்பரவலைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வெளிப்புலத்தில் I மட்டுமே இருக்கிறது, k தனியாக இல்லை. சீரான கம்பியும் kr கம்பியும் 40 ஆம்பியருக்கு வெளியே ஒரே புலத்தைத்தான் தரும். ஆகவே வெளி அளவீடு இடித்தால் குற்றவாளி J அல்ல. நீளத்தைப் பாருங்கள்.

சுற்று விதியைச் சமச்சீரோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது கம்பி முடிவில்லாமல் நீள்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். 20 செ.மீ. நீளக் கம்பியின் நடுவிலிருந்து 5 செ.மீ. தள்ளி அளந்தால், சூத்திரம் 0.16 மில்லிடெஸ்லா என்று சொல்லும். அந்த நேர்த்துண்டு மட்டும் தருவது 0.143. பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. 1 மீட்டர் நீளக் கம்பி என்றால் அதே இடத்தில் குறைவு அரை சதவீதம்தான்.

பூமியின் புலத்தையும் மறக்க வேண்டாம். சென்னையில் அது ஏறத்தாழ 0.04 மில்லிடெஸ்லா, நாம் அளக்கும் 0.16-இன் கால்பங்கு. அளவியை அசைக்காமல் மின்னோட்டத்தின் திசையை மாற்றி, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அது நீங்கிவிடும்.

ஆனால் மின்னோட்டம் திரும்பி வரும் கம்பியின் புலம் இப்படி நீங்காது, திசையை மாற்றும்போது அதுவும் கூடவே மாறுகிறது. நீளமான கம்பி ஒன்றுக்கு, திரும்பும் கம்பி 1 மீட்டர் தள்ளி இணையாகப் போகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் நடுவே, நம் கம்பியிலிருந்து 5 செ.மீ.யில் அளந்தால் 0.168 மில்லிடெஸ்லா காட்டும். அதே 5 செ.மீ.யில் மறுபக்கம் அளந்தால் 0.152. இரண்டு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள், 0.16 வந்துவிடும்.